வீட்டுக்காரருக்கு எதற்கு எங்கள் ஊர்த் தெரு?

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் சென்னையில் வீடு மாறும் காலம். புரோக்கர்களின் போன் ஓயாது. அந்த நாட்களில்தான் எங்களுக்கும் போன் வரும். "தோழர், எல்லாம் சரின்னு சொல்லிட்டு, பேப்பரெல்லாம் அனுப்பினப்புறம் வீடு இல்லேன்னுட்டாங்க." இந்த வாக்கியத்தை இத்தனை வருடங்களில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்போம் என்று எங்களுக்கே கணக்கில்லை. எல்லோருக்கும் ஒரே கதை. 'பேப்பர் அனுப்பினப்புறம்' என்ற இடத்தில்தான் கதை திரும்புகிறது.

அந்தப் பேப்பரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வாடகைக்கு வீடு கேட்டு அனுப்பும் செய்தியையும், அதோடு இணைக்கும் சம்பளச் சான்றையும், 'எங்களைப் பற்றி இவர்களிடம் விசாரிக்கலாம்' என்று கொடுக்கும் பெயர்களையும் பற்றி. இதில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்பவர்கள், ஒருமுறை சேரி முகவரியோடு வீடு தேடிப் பார்க்கட்டும்.

வடக்கே பெயரின் பின்னொட்டே சாதியைச் சொல்லிவிடும். 2012இல் டெல்லி சுற்றுவட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் வாடகை வீடுகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். வீடு கேட்டவர்கள் உயர்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என்று வெவ்வேறு பெயர்களில் கேட்டார்கள். உயர்சாதிப் பெயருக்குக் கதவு திறந்தது. மற்ற பெயர்களில் பலருக்கு மறுப்பு வந்தது, அல்லது கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை வந்தது. அங்கே சாதி பார்க்கப் பெயரே போதும்.

தமிழ்நாட்டில் அப்படியில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. இன்று இங்கே எல்லோருக்கும் ஓர் இனிஷியல், ஒரு பெயர். நல்லதுதான். ஆனால் பட்டத்தை விட்டவர்கள் சாதியை விடவில்லையே! பெயரில் தெரியாததை வேறு இடத்தில் தேடுகிறார்கள். "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? குலதெய்வம் எது? அசைவம் சமைப்பீங்களா?" போனில் இந்தக் கேள்விகளுக்குப் பிடி கிடைக்காவிட்டால் கடைசியாக ஒன்று கேட்பார்கள்: "சரி, ஆதாரும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அனுப்பிவிடுங்க." வருமானம் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நாம் நம்புகிறோம். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் காகிதங்களில் வருமானத்தைத் தவிர இன்னும் என்னவெல்லாம் எழுதியிருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. அவர் பார்க்கிறார்.

எங்கள் தோழி ஒருவர் கதையைச் சொல்கிறோம். அவர் அரசு மருத்துவமனையில் செவிலியர். கணவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரு பெண் குழந்தை. அவருக்குக் கைக்கு வரும் சம்பளம் 41,300, கணவருக்கு 30,200. சேர்த்து 71,500 ரூபாய். மருத்துவமனைக்குப் பக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 18,000. வருமானத்தில் கால் பங்கு. எந்தக் கணக்கிலும் இடிக்காத வாடகை.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர். தோழியை நேரில் பார்த்தார், பேசினார், "நர்ஸம்மாவா, ரொம்ப நல்லது, ஞாயித்துக்கிழமை அட்வான்ஸோட வாங்கம்மா" என்றார். வெள்ளிக்கிழமை இரவு தோழி எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சனிக்கிழமை காலை பதில்: "தப்பா நெனைக்காதீங்க, மருமகன் மாத்தலாகி வர்றார்." மருமகன் வரவில்லை. அடுத்த மூன்று வாரமும் அந்த வீட்டின் விளம்பரம் அப்படியே இருந்தது.

தோழியோடு உட்கார்ந்து, அவர் அனுப்பியதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். மூன்று இடங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது ஆதார். அதன் பின்பக்கத்தில் ஊர் முகவரி 'ஆதிதிராவிடர் காலனி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நம் கையிலிருக்கும் பழைய அட்டைகளில் அது அப்படியேதான் இருக்கிறது. மறைத்த ஆதார் என்று இணையத்தில் இறக்கிக்கொள்ளும் வகையும் இதற்கு உதவாது. அது எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றதை மறைக்கும். முகவரியை மறைக்காது.

இரண்டாவது வங்கிக் கணக்கு விவரம். ஆறு மாதத்துக்கு, ஒரு வரி விடாமல். அதில் தம்பியின் தாட்கோ கடனுக்கு மாதாமாதம் இவர் கட்டிய தவணை இருந்தது. ஏப்ரல் 14 விழாவுக்குக் கொடுத்த நன்கொடை, அமைப்பின் பெயரோடு இருந்தது. சம்பளம் வருகிறதா என்று கேட்டவருக்கு நாம் நம் வாழ்க்கையையே அனுப்பியிருக்கிறோம்.

மூன்றாவது விசாரிக்கக் கொடுத்த பெயர். மரியாதைக்குரியவராக இருக்கட்டும் என்று ஊரில் பாடம் நடத்திய ஆசிரியரின் எண்ணைக் கொடுத்திருந்தார். ஆசிரியரிடம் கேட்டோம். ஆமாம், வெள்ளிக்கிழமை இரவே போன் வந்ததாம். வாடகை ஒழுங்காகத் தருவாளா என்று கேட்கவே இல்லையாம். "அவங்க ஊர்லயா, காலனியிலயா?" என்று கேட்டாராம். அந்த நல்ல மனிதர் பொய் சொல்லத் தெரியாமல் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டதும் தோழர்களுக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "எதற்கு மறைக்க வேண்டும்? முதல் வரியிலேயே நாங்கள் பறையர் என்று எழுது. கொடுப்பவன் கொடுக்கட்டும்" என்றது. இன்னொரு கட்சி, "கேட்டால் வேறு சாதி சொல்லிவிட்டுப் போ, தலைக்கு மேல் கூரை வேண்டும்" என்றது.

இரண்டாவதை நாங்கள் ஏற்கவில்லை. பொய் சொல்லிக் குடியேறிய வீட்டில் அம்பேத்கர் படம் மாட்ட முடியாது. ஊரிலிருந்து அம்மா வந்தால் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். 1917இல் பரோடாவில் அண்ணல் அதைத்தான் அனுபவித்தார். கொலம்பியாவில் படித்தவர், சமஸ்தானத்தில் உத்தியோகம். இதைவிடப் பெரிய வருமானச் சான்று எது? எந்த இந்து விடுதியும் இடம் தராது என்பதால் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். நண்பர்கள் இருவரிடம் கேட்டும் இடம் கிடைக்கவில்லை. அந்தப் பதினோரு நாளும் அவர் பட்ட பாட்டை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

முதல் கட்சியின் கோபம் எங்களுடைய கோபம்தான். ஆனால் கேட்கும் உரிமையே இல்லாத கேள்விக்கு நாமாக ஏன் முந்திப் பதில் சொல்ல வேண்டும்? வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வாடகை தர முடியுமா? இதற்கு முன் ஒழுங்காகத் தந்தார்களா? வீட்டைப் பாழாக்காமல் இருந்தார்களா? சொல்லும் ஆள்தானா? இவற்றுக்கு முழுப் பதிலும் ஆதாரத்தோடு தருவோம். இதற்கு மேல் ஒரு வரியும் தர வேண்டியதில்லை. அதை ஒளிப்பது என்று யாராவது சொன்னால், ஓட்டுப் போடும்போது மறைப்பு வைப்பதையும் ஒளிப்பது என்று சொல்லட்டும்.

அடுத்த வீட்டுக்குத் தோழி அனுப்பிய செய்தி இது. அவர் சம்மதத்தோடு, எண்களை மட்டும் நீக்கிவிட்டுத் தருகிறோம்.

"ஐயா, வணக்கம். நேற்று மாலை தங்கள் முதல்மாடி வீட்டைப் பார்த்துச் சென்றவர்கள் நாங்கள். நான் அரசு மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகளாகச் செவிலியர். என் கணவர் தனியார் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள். மூன்று பேர் மட்டும் குடியிருப்போம்.

தாங்கள் சொன்ன 18,000 ரூபாய் வாடகையும், மூன்று மாத அட்வான்ஸ் 54,000 ரூபாயும் எங்களுக்குச் சம்மதம். அடுத்த மாதம் 1ஆம் தேதி குடிவர விரும்புகிறோம். எங்கள் இருவரின் மாதச் சம்பளம் பிடித்தம் போக 71,500 ரூபாய். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளும், அந்தச் சம்பளம் வங்கியில் வரவான பக்கங்களும், இருவரின் பான் கார்டு நகலும் பணி அடையாள அட்டை நகலும் இணைத்துள்ளேன்.

இப்போதைய வீட்டில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறோம். உரிமையாளர் அம்மாவிடமும், என் கணவரின் மேலாளரிடமும் எங்களைப் பற்றி விசாரிக்கலாம். இருவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். ஆதார் நகலும், காவல் நிலையத்தில் கொடுக்கும் குடியிருப்போர் விவரமும் ஒப்பந்தம் எழுதும் நாளில் தருகிறோம்.

வீட்டைத் தருவதில் தங்களுக்குச் சம்மதமா என்பதைப் புதன்கிழமைக்குள் இதே எண்ணில் எழுத்தில் தெரிவித்தால், அட்வான்ஸில் 5,000 ரூபாயை அன்றே அனுப்பிவிடுகிறேன். வேறு ஏதாவது விவரம் தேவைப்பட்டாலும் எழுதிக் கேளுங்கள்."

இவ்வளவுதான். கெஞ்சல் இல்லை. 'நாங்கள் சுத்தமாக இருப்போம், சத்தம் போட மாட்டோம்' என்று எழுதவில்லை. நம் ஆட்கள் பலர் அதை எழுதுகிறார்கள். யாரும் சுமத்தாத குற்றத்துக்கு நாமே ஏன் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்?

ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. பான் கார்டில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி இருக்கும். முகவரி இருக்காது. ஆள் யார் என்று காட்ட அது போதும். சம்பளச் சீட்டில் வங்கிக் கணக்கு எண்ணும் பிஎஃப் எண்ணும் இருந்தால் அடித்துவிட்டு அனுப்ப வேண்டும். இது சாதிக்காக மட்டுமல்ல, பண மோசடிக்கும் பாதுகாப்பு. வங்கி விவரத்தில் சம்பளம் வரவான வரி தெரியும்படி வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கறுப்படிக்கலாம். கறுப்படித்ததாகச் செய்தியிலேயே சொல்லிவிட்டால் திருத்தியதாக யாரும் பேச முடியாது. எல்லாப் பக்கத்தின் குறுக்கிலும் 'இந்த வீட்டு வாடகைக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிவிட வேண்டும். நகல் புரோக்கர் கையில் எங்கெல்லாம் சுற்றும் என்று நமக்குத் தெரியாது.

விசாரிக்கக் கொடுக்கும் பெயர்களில் ஊர்க்காரர், உறவினர், அமைப்புத் தோழர் யாரும் வேண்டாம். அவர்கள் நம்மை நேசிப்பவர்கள். நாம் வாடகை தந்ததைப் பார்த்தவர்கள் அல்ல. பழைய வீட்டுக்காரரும் மேலதிகாரியுமே போதும். ஆனால் அவர்களிடம் முன்கூட்டிப் பேச வேண்டும். 'இன்னாரிடமிருந்து போன் வரும், எத்தனை வருடம் இருந்தோம், வாடகை எப்படித் தந்தோம் என்பதைச் சொல்லுங்கள், சாதி கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டாம், அதைச் சொல்வதற்கில்லை என்று சொல்லுங்கள், அப்படிக் கேட்டதை எனக்கும் சொல்லுங்கள்' என்று. தோழியின் பழைய வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் வந்தது. இந்தக் கேள்வியும் வந்தது. "நாலு வருஷத்துல ஒரு மாசம்கூட அஞ்சாம் தேதியைத் தாண்டல. அத விட்டுட்டு இதக் கேக்குறீங்களே!" என்றாராம். அந்த அம்மா ஆதிக்க சாதிக்காரர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

முக்கியமான இடம் கடைசிப் பத்தி. ஆதாரை ஒப்பந்த நாளுக்குத் தள்ளுவது முகவரியை நிரந்தரமாக மறைக்க அல்ல. ஒப்பந்தத்தில் நிரந்தர முகவரி எழுதத்தான் வேண்டும். அன்றைக்கு அவருக்குத் தெரியும். ஆனால் அதற்குள் 'சம்மதம்' என்று அவர் எழுதியிருப்பார், முன்பணம் வாங்கியிருப்பார். அதற்குப் பிறகு மறுத்தால் வருமானம் போதவில்லை என்று சொல்ல முடியாது. மருமகனையும் திடீரென்று மாற்றலாக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவில் என்ன மாறியது என்ற கேள்வி அவர் முன்னால் நிற்கும்.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? அரசியல் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், விடுதி என்கிறது. வாடகை வீடு என்று சொல்லவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு குற்றம். ஆனால் தனி ஒரு வீட்டுக்காரரின் மறுப்பை அதற்குள் கொண்டுவருவது எளிதல்ல. போனில் சாதி கேட்டதும் 'பொதுப் பார்வையில்' நடந்த அவமதிப்பு ஆகாது என்பார்கள். எல்லோரும் மறந்துபோன ஒரு சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பு கட்டுவதை, வாங்குவதை, அதில் குடியிருப்பதைத் தடுப்பது அதன் 4ஆம் பிரிவில் குற்றம். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. அபராதம் 100இலிருந்து 500 ரூபாய் வரைதான், அந்தக் காலத்துத் தொகை. 12ஆம் பிரிவு இன்னும் முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிராளி பாடு.

வாடகை மறுப்புக்கு இதை நீட்டிக்க முடியுமா என்று வழக்கறிஞர்கள் வாதாடித்தான் பார்க்க வேண்டும். எளிதில் வெல்லும் வழக்கு என்று நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். ஆனால் வாதாட முதலில் தாளில் ஏதாவது வேண்டும். இத்தனை வருடமாக நம்மிடம் வந்த கதைகள் எல்லாமே வாய்ப் பேச்சு. 'சரின்னாரு, அப்புறம் இல்லேன்னாரு.' நம் தகுதியைத் தேதியோடு நிறுவும் காகிதம் ஒன்றுகூட இல்லை. அந்தக் காகிதம்தான் இந்தச் செய்தி. அதனால்தான் போனில் சாதி கேட்டால் போனை வைத்த உடனே எழுதச் சொல்கிறோம்: 'இன்று மாலை 6 மணிக்குத் தாங்கள் எங்கள் சாதியைக் கேட்டீர்கள். வாடகைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதால் பதில் சொல்லவில்லை. வீடு தருவதில் தங்கள் முடிவைத் தெரிவிக்கவும்.' உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்துக்குத் தனிச் சான்று கேட்பார்கள், அதற்குச் செய்தி வந்த அந்தப் போனே கையில் இருப்பது நல்லது.

தோழிக்கு இரண்டாவது வீடும் கிடைக்கவில்லை. பழைய வீட்டுக்கார அம்மாவிடம் சாதி கேட்டவர், நம் தோழியிடமும் போனில் கேட்டார். தோழி மேலே சொன்னபடி எழுதி அனுப்பினார். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. அந்த மௌனம் இப்போது தோழியின் போனில் தேதியோடு இருக்கிறது. மூன்றாவது வீட்டுக்காரர் சம்பளச் சீட்டைப் பார்த்தார், அம்மாவிடம் பேசினார், 'சம்மதம்' என்று எழுதினார். ஒப்பந்த நாளில் ஆதாரை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாராம். ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லையாம். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு நிமிடத்தில் தன் நெஞ்சு அடித்துக்கொண்டதைத் தோழி சொன்னபோது அவர் குரல் இன்னும் நடுங்கியது.

ஒன்பது ஆண்டுகளாக யார் உடம்பு என்று கேட்காமல் ஊசி போட்டவர் அவர். கட்டில் காலியா என்று கேட்டு வந்த எந்த நோயாளியிடமும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. வீடு காலியா என்று கேட்டு வந்தவரிடம் மட்டும் இந்த நகரம் தெருப் பெயரைக் கேட்கிறது.

கேட்கட்டும். இனி எழுதிக் கேட்கட்டும்.